பட்ஜெட் லாபம் 8 லட்சம், வந்தது ஆறரை லட்சம்: மாத மாறுபாட்டுப் பட்டியலை மூன்று வழிகளில் எந்த வழியில் போடுவது?

கோயம்புத்தூரில் மோனோபிளாக் பம்பு செய்யும் ஒரு சிறிய ஆலைக்கு மாதக் கணக்கு முடித்துக் கொடுத்து வந்தேன். பிப்ரவரி 8-ஆம் தேதி ஜனவரிக் கணக்கை மேஜையில் வைத்ததும் முதலாளி கேட்டார்: "மாசம் எட்டு லட்சம் லாபம்னு பட்ஜெட் போட்டுக் கொடுத்தீங்க. ஆறரை லட்சம்தான் வந்திருக்குது. மீதி ஒன்றரை லட்சம் எங்கீங்க போச்சு?"

இதற்குப் பதில் சொல்லத்தான் ஒரு பட்டியல் போடுகிறோம். பட்ஜெட் லாபத்தில் தொடங்கி, விற்பனை, மூலப்பொருள், கூலி, மேற்செலவு என்று ஒவ்வொன்றிலும் ஏற்பட்ட மாறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ வந்தால் கடைசியில் உண்மை லாபத்தில் வந்து நிற்க வேண்டும். லாபத்தை ஏற்றிய மாறுபாடு சாதகம், இறக்கியது பாதகம். இவ்வளவுதான் விஷயம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பட்டியலைப் போட மூன்று வழிகள் இருக்கின்றன. ஒரே மாதத்தின் ஒரே கணக்கை மூன்று வழியிலும் போட்டால் மூன்றும் வேறு வேறு கதை சொல்லும். சிறு ஆலைகளில் கணக்குப் பார்க்கும் பலரும் "எதை எடுப்பது?" என்று கேட்டுத் தடுமாறுவது இங்கேதான். நான் மூன்றையும் போட்டுப் பார்த்தவன் என்பதால், அந்த ஜனவரியை வைத்தே ஒப்பிட்டுச் சொல்கிறேன். எண்களை மட்டும் கணக்குப் போட வசதியாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

நான்கு கேள்விகளை வைத்து ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

முதல் கேள்வி, பட்டியலின் கடைசி வரி கணக்குப் புத்தகத்தில் இருக்கும் லாபத்தோடு ஒட்டுகிறதா? "இதர வேறுபாடு" என்று ஒரு தொகை தொங்கிக்கொண்டிருந்தால் முதலாளி மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்.

இரண்டாவது, ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாரா? காப்பர் விலைக்கு பர்ச்சேஸ், வைண்டிங்கில் வீணானதற்கு ஷாப் சூப்பர்வைசர் என்று பிரிய வேண்டும். இரண்டு பேருடைய செயலும் ஒரே எண்ணில் கலந்திருந்தால் இருவருமே மற்றவரைக் கை காட்டுவார்கள்.

மூன்றாவது, கையிருப்பு ஏறி இறங்குவது லாபத்தைத் திரித்துக் காட்டுகிறதா? மாதா மாதம் பார்க்கும்போது பெரிய வம்பு இதுதான். வருடக் கணக்கில் இது பெரும்பாலும் சமனாகிவிடும். மாதக் கணக்கில் ஆகாது.

நான்காவது, இதைத் தயாரிக்க எத்தனை நாள், எத்தனை புதிய பதிவுகள்? 20-ஆம் தேதி வரும் பட்டியலால் அந்த மாதத்தில் எதையும் திருத்த முடியாது.

## உதாரண ஆலை

ஒரே மாடல், ஒரு குதிரைத்திறன் பம்பு. மாதம் 1,000 செய்து 1,000 விற்பதாக பட்ஜெட். ஒரு பம்புக்கு விற்பனை விலை 5,600 ரூபாய். செலவுக்கு வகுத்துவைத்த ஸ்டாண்டர்டு இப்படி: காப்பர் வைண்டிங் வயர் 2 கிலோ, கிலோ 900 ரூபாய் வீதம் 1,800, காஸ்டிங், ஸ்டாம்பிங், பேரிங் முதலிய மற்ற பாகங்கள் 1,400, கூலி 3 மணி நேரம், மணிக்கு 150 வீதம் 450, உற்பத்தியோடு ஏறி இறங்கும் மேற்செலவு, மணிக்கு 50 வீதம் 150. ஆக மாறும் செலவு 3,800. வாடகை, சூப்பர்வைசர் சம்பளம், தேய்மானம் போன்ற ஆலையின் நிலையான மேற்செலவு மாதம் 10 லட்சம். 1,000 பம்புக்குப் பகிர்ந்தால் பம்புக்கு 1,000. மொத்தச் செலவு 4,800, லாபம் 800. மாத பட்ஜெட் லாபம் 8,00,000.

ஜனவரியில் நடந்தது வேறு. கோடை சீசனுக்காக முன்கூட்டியே 1,100 பம்பு செய்தார்கள். விற்றது 900. மீதி 200 கோடவுனில் நின்றது. விலை 5,650 கிடைத்தது. வயர் 2,250 கிலோ, கிலோ 940-க்கு வாங்கி அவ்வளவும் செலவானது. 3,450 மணி நேரத்துக்கு மணிக்கு 155 வீதம் கூலி போனது. மாறும் மேற்செலவு 1,75,000. நிலையான மேற்செலவு 10,30,000. மற்ற பாகங்களில் ஸ்டாண்டர்டிலிருந்து விலகல் இல்லை.

## வழி 1: பட்ஜெட்டையும் உண்மையையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது

பெரும்பாலான ஆலைகளில் நடப்பது இதுதான். லாப நட்டக் கணக்கில் பட்ஜெட் ஒரு கட்டம், உண்மை ஒரு கட்டம், வித்தியாசம் ஒரு கட்டம். டேலியில் பட்ஜெட்டை ஏற்றிவைத்தால் அறிக்கை தானாகவே வந்துவிடும். எக்செலில் போட்டாலும் அரை நாள் வேலை.

ஜனவரியில் வயர் வரியை மட்டும் எடுத்துக்கொள்வோம். பட்ஜெட் 18,00,000. உண்மை 21,15,000. வித்தியாசம் 3,15,000 பாதகம். இந்த எண்ணைப் பார்த்த முதலாளி பர்ச்சேஸ் பார்க்கும் பையனைக் கூப்பிட்டுக் கடிந்துகொண்டார். உள்ளே இருந்தது என்னவென்று பாருங்கள். 1,000-க்குப் பதில் 1,100 பம்பு செய்ததற்கான கூடுதல் வயர் மட்டும் 1,80,000. அது தவறே இல்லை, அந்த வயர் பம்பாகக் கோடவுனில் இருக்கிறது. விலை ஏறியதால் 90,000. அளவுக்கு மீறி 50 கிலோ செலவானதால் 45,000. மூன்றும் சேர்ந்ததுதான் 3,15,000. அந்தப் பையன் பதில் சொல்ல வேண்டியது அதிகபட்சம் 90,000-க்கு.

ஒட்டுமா என்ற கேள்விக்கு இந்த வழி முழு மதிப்பெண் வாங்கும். புத்தகத்தின் எண்களையே எடுத்துப் போடுவதால் ஒட்டாமல் போக வாய்ப்பில்லை. பொறுப்புப் பிரிப்பதில்தான் தோற்கிறது. உற்பத்தி அளவு, விலை, வீண் மூன்றும் ஒரே எண்ணில் கலந்து கிடக்கின்றன.

இதற்கு மறைமுகச் செலவும் உண்டு. கணக்கு முடிக்க அரை நாள்தான் ஆகிறது. அதன் பிறகு ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் விளக்கம் தேடுவதில் எல்லோருக்கும் மூன்று நாள் போகும். அந்த விளக்கங்களும் எண்ணாக இருக்காது, வாய்வார்த்தையாகவே இருக்கும்.

ஆனாலும் இதுவே சரியான வழியாக இருக்கும் ஆலைகள் உண்டு. ஒவ்வொரு ஆர்டரும் வேறு வேலையாக வரும் ஜாப் ஒர்க் பட்டறையில் ஒரு பொருளுக்கு இவ்வளவு என்று ஸ்டாண்டர்டு வைக்கவே முடியாது. அங்கே வேலைவாரியாகக் கொட்டேஷனையும் உண்மைச் செலவையும் ஒப்பிடுவதுதான் பயன். அதேபோல ஆலை தொடங்கி முதல் ஆறு மாதத்தில் ஒரு பம்புக்கு எத்தனை கிலோ வயர் போகும் என்பதே இன்னும் தெளிவாகத் தெரிந்திருக்காது. அப்போது நுணுக்கமான மாறுபாடு போடுவது, போடுபவருக்கே குழப்பம்தான்.

## வழி 2: முழுச் செலவு முறை

இங்கே ஒவ்வொரு பம்பும் 4,800 ரூபாய்ச் செலவை, அதாவது நிலையான மேற்செலவின் பங்கான 1,000-ஐயும் சேர்த்துச் சுமக்கிறது. கோடவுனில் நிற்கும் 200 பம்பின் மதிப்பும் பம்புக்கு 4,800. ஜனவரிப் பட்டியல் இப்படி வரும்:

| வரி | எப்படி வந்தது | தொகை (ரூ.) |
|---|---|---|
| பட்ஜெட் லாபம் | 1,000 × 800 | 8,00,000 |
| விற்பனை அளவு | 100 குறைவு × 800 | 80,000 பாதகம் |
| விற்பனை விலை | 900 × 50 | 45,000 சாதகம் |
| வயர் விலை | 2,250 × 40 | 90,000 பாதகம் |
| வயர் உபயோகம் | 50 கிலோ × 900 | 45,000 பாதகம் |
| கூலி விகிதம் | 3,450 × 5 | 17,250 பாதகம் |
| கூலித் திறன் | 150 மணி × 150 | 22,500 பாதகம் |
| மாறும் மேற்செலவு | 1,75,000 − 1,65,000 | 10,000 பாதகம் |
| நிலையான மேற்செலவு, செலவிட்டது | 10,30,000 − 10,00,000 | 30,000 பாதகம் |
| நிலையான மேற்செலவு, உற்பத்தி அளவு | 100 கூடுதல் × 1,000 | 1,00,000 சாதகம் |
| உண்மை லாபம் | | 6,50,250 |

வயர் உபயோகத்துக்கான அடிப்படை 1,000 பம்பு அல்ல, உண்மையில் செய்த 1,100 பம்பு என்பதைக் கவனியுங்கள். 1,100 பம்புக்கு 2,200 கிலோ போக வேண்டும், போனது 2,250. கூலிக்கும் இதே விதிதான்: 3,300 மணி ஆக வேண்டியது 3,450 ஆகியிருக்கிறது. பட்ஜெட்டை உண்மை உற்பத்திக்கு ஏற்ப நீட்டிவிட்டுப் பிறகு ஒப்பிடுவதால்தான் வழி 1-இல் இருந்த கலப்படம் இங்கே பிரிந்துவிடுகிறது.

இந்த முறையின் பெரிய பலம், முடிவில் வரும் 6,50,250 புத்தகத்து லாபமாகவே இருப்பது. நம் கணக்கியல் தரநிலைகளான ஏஎஸ் 2, இண்ட் ஏஎஸ் 2 இரண்டும், முடிந்த சரக்கின் மதிப்பில் ஆலையின் நிலையான மேற்செலவையும் வழக்கமான உற்பத்தித் திறன் அடிப்படையில் சேர்க்கச் சொல்கின்றன. ஆடிட்டருக்கும் பேங்க்குக்கும் போகும் எண் இதுதான்.

பலவீனம் கடைசிக்கு முந்தைய வரியில் இருக்கிறது. அந்த 1,00,000 சாதகம் எங்கிருந்து வந்தது? யாரும் ஒரு ரூபாய் மிச்சம் பிடிக்கவில்லை. கூடுதலாக 100 பம்பு செய்ததால் ஆலை வாடகையிலும் சம்பளத்திலும் ஒரு பகுதி அவற்றின் மேல் ஏறிவிட்டது. இன்னொரு விதமாகப் பார்த்தால், கோடவுனில் நிற்கும் 200 பம்பும் சேர்ந்து ஜனவரியின் நிலையான செலவில் 2 லட்சத்தைப் பிப்ரவரிக்குத் தூக்கிக்கொண்டு போகின்றன.

பிப்ரவரியில் என்ன ஆயிற்று என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த மாதம் 900 பம்பு செய்து, கோடவுனில் இருந்ததையும் சேர்த்து 1,100 விற்றார்கள். மற்ற எல்லாமே ஸ்டாண்டர்டுபடி நடந்ததாக வைத்துக்கொள்வோம். முழுச் செலவு முறையில் விற்பனை அளவு 80,000 சாதகம், மேற்செலவு உற்பத்தி அளவு 1,00,000 பாதகம், லாபம் 7,80,000. பட்ஜெட்டைவிட 100 பம்பு கூடுதலாக விற்று, எந்தச் செலவும் கூடாத ஒரு மாதத்தில் லாபம் பட்ஜெட்டைவிட 20,000 குறைவு! சேல்ஸ் பார்ப்பவரிடம் இதை விளக்கிப் பாருங்கள். நான் விளக்கினேன். அவர் தலையாட்டினார், ஆனால் நம்பவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இதைவிட ஆபத்தானது, உற்பத்தியைப் பார்ப்பவருக்கு இந்த வரி கொடுக்கும் தூண்டுதல். விற்காவிட்டாலும் பரவாயில்லை, செய்துகொண்டே இருந்தால் மாத லாபம் நன்றாகத் தெரியும். அந்த ஜனவரியில் கூலி விகிதம் 155-க்கு ஏறியதற்குக் காரணமே கூடுதல் 100 பம்புக்காகக் கொடுத்த ஓவர்டைம்தான். ஓவர்டைம் பாதகமாக 17,250 தெரிகிறது. அதே ஓவர்டைமால் வந்த மேற்செலவுச் சாதகம் 1,00,000 தெரிகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர் ஓவர்டைம் லாபகரம் என்றே முடிவு செய்வார். கோடவுனில் முடங்கிய பணமோ அதற்கான வட்டியோ இந்தப் பட்டியலில் எங்குமே இல்லை.

இந்த வழி பொருந்துவது செய்ததெல்லாம் அந்த மாதமே வெளியே போய்விடும் ஆலைக்கு. ஆர்டர் வந்த பிறகே செய்பவர்கள், கையிருப்பு மாதா மாதம் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்பவர்கள் இதை எடுக்கலாம். இயந்திரத் திறன்தான் தட்டுப்பாடு, செய்ததெல்லாம் விற்றுவிடும் என்ற நிலையிலும் மேற்செலவு உற்பத்தி அளவு வரிக்கு உண்மையான அர்த்தம் இருக்கிறது. அங்கே ஒரு மெஷின் நின்றால் லாபம் நிஜமாகவே குறைகிறது.

## வழி 3: பங்களிப்பு முறை

இங்கே பம்பு சுமப்பது மாறும் செலவான 3,800-ஐ மட்டும். நிலையான 10 லட்சம் அந்தந்த மாதமே மொத்தமாகக் கழிந்துவிடும். விலையிலிருந்து மாறும் செலவைக் கழித்தால் வரும் 1,800-தான் ஒரு பம்பின் பங்களிப்பு. 100 பம்பு குறைவாக விற்றால் இழப்பது 800 அல்ல, 1,800. வாடகை எப்படியும் போகத்தான் போகிறது என்பதால் இதுவே நிஜமான இழப்பு.

பட்டியலில் மாறுவது இரண்டே வரிகள். விற்பனை அளவு 80,000-க்குப் பதிலாக 1,80,000 பாதகம் ஆகிறது. மேற்செலவு உற்பத்தி அளவு என்ற வரியே இல்லாமல் போகிறது. மற்றவை அப்படியே. லாபம் 4,50,250. முழுச் செலவு முறையோடு வித்தியாசம் 2,00,000, அதாவது கோடவுனில் ஏறிய 200 பம்பு, பம்புக்கு 1,000.

பிப்ரவரியில் விற்பனை அளவு 1,80,000 சாதகம், லாபம் 9,80,000. நிறைய விற்ற மாதத்தில் நிறைய லாபம். இரண்டு மாதத்தையும் கூட்டினால் இரு முறையிலும் 14,30,250. மொத்தத்தில் எதுவும் தொலையவில்லை, எந்த மாதத்தில் தெரிகிறது என்பதுதான் வேறுபடுகிறது.

கையிருப்பு திரிக்கக் கூடாது என்ற மூன்றாவது அளவுகோலில் இது தெளிவாக ஜெயிக்கிறது. பொறுப்புப் பிரிப்பதிலும் நன்றாக இருக்கிறது, ஏனென்றால் யாராலும் கட்டுப்படுத்த முடியாத அந்த ஒரு வரி போய்விட்டது. ஒட்டுவதில்தான் குறை. புத்தகம் 6,50,250 என்கிறது, இந்தப் பட்டியல் 4,50,250-இல் நிற்கிறது.

இந்தக் குறையை ஒரே வரியில் தீர்க்கலாம். பட்டியலின் அடியில் "கையிருப்பில் ஏறிய நிலையான மேற்செலவு: 200 × 1,000 = 2,00,000 கூட்டு" என்று எழுதினால் புத்தக லாபம் வந்துவிடும். பிப்ரவரியில் அதே வரி 2,00,000 கழிவாக வரும். இந்த வரியைச் சேர்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. முதலாளிக்கும் அது புரிந்தது: "ஓ, இந்த ரெண்டு லட்சம் கோடவுன்ல நிக்குதுங்களா?"

இந்த முறை உண்மையாகச் செலவு வைப்பது வேறு இடத்தில். எது மாறும் செலவு, எது நிலையானது என்று பிரிக்க வேண்டும், அதைத் தொடர்ந்து காப்பாற்ற வேண்டும். மின் கட்டணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டிமாண்ட் சார்ஜ் நிலையானது, யூனிட் கட்டணம் உற்பத்தியோடு மாறுவது. ஒரே பில்லை இரண்டு லெட்ஜராகப் போட வேண்டும், பில் போடுபவர் மாறினாலும் அந்தப் பழக்கம் மாறக் கூடாது. கூலி இன்னும் சிக்கல். மாதச் சம்பளத்தில் இருப்பவர்களின் கூலியை மணிக்கணக்கில் மாறும் செலவாக வைத்தால் கூலித் திறன் வரியில் 22,500 பாதகம் என்று வரும். ஆனால் அந்த 150 மணி நேரத்தை மிச்சம் பிடித்திருந்தாலும் சம்பளம் குறைந்திருக்காது. ஓவர்டைமோ காண்ட்ராக்ட் ஆளோ குறைந்திருந்தால்தான் அது பணம். என் ஆலையில் பாதிப் பேர் மாதச் சம்பளம், பாதிப் பேர் காண்ட்ராக்ட். அதனால் திறன் வரியை அப்படியே போட்டுவிட்டு, அதில் பணமாக மிச்சமாகக்கூடியது எவ்வளவு என்று பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பு இல்லாமல் போட்டிருந்தால் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றிருக்கும்.

## மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்

| அளவுகோல் | பக்கத்தில் பக்கத்தில் | முழுச் செலவு | பங்களிப்பு |
|---|---|---|---|
| புத்தக லாபத்தோடு ஒட்டுதல் | தானாக ஒட்டும் | ஒட்டும், கையிருப்பும் ஸ்டாண்டர்டில் இருந்தால் | அடியில் ஒரு வரி சேர்த்தால் ஒட்டும் |
| வரிக்கு ஓர் ஆள் | இல்லை | ஒரு வரி தவிர உண்டு | உண்டு |
| கையிருப்பால் திரிபு | உண்டு, எவ்வளவு என்று தெரியாது | உண்டு, எவ்வளவு என்று தெரியும் | இல்லை |
| தயாரிக்கும் வேலை | அரை நாள் | இரண்டு மூன்று நாள் | அதே அளவு, கூடவே செலவுப் பிரிப்பு |
| ஜனவரி லாபம் | 6,50,250 | 6,50,250 | 4,50,250 |
| பிப்ரவரி லாபம் | 7,80,000 | 7,80,000 | 9,80,000 |

## இரண்டாவது, மூன்றாவது வழிக்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

பட்டியலில் "கையிருப்பும் ஸ்டாண்டர்டில் இருந்தால்" என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். இதில்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஜனவரியில் வாங்கிய வயர் அவ்வளவும் தீர்ந்துவிட்டது என்று வசதிக்காக வைத்துக்கொண்டேன். உண்மையில் அப்படி நடக்காது. 3,000 கிலோ வாங்கி 2,250 கிலோ உபயோகித்தார்கள் என்று வையுங்கள். விலை மாறுபாட்டை வாங்கியபோதே எடுப்பதென்றால் 3,000 × 40 = 1,20,000 பாதகம், ஸ்டோரில் மீதி நிற்கும் 750 கிலோவின் மதிப்பு கிலோ 900. உபயோகித்தபோது எடுப்பதென்றால் 90,000 பாதகம், மீதி 750 கிலோவின் மதிப்பு 940. இரண்டுமே சரியான முறைகள்தான். ஆனால் பட்டியலை முதல் முறையில் போட்டுவிட்டு, டேலியில் ஸ்டாக் சராசரி விலையில் மதிப்பிடப்பட்டிருந்தால் 30,000 ரூபாய் எங்கும் ஒட்டாமல் தொங்கும். அந்த 30,000-ஐத் தேடி நான் ஒருமுறை இரண்டு இரவு உட்கார்ந்திருக்கிறேன். பட்டியல் ஒட்டாவிட்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது: தொங்கும் தொகையை கிலோவுக்கான விலை வித்தியாசத்தால் வகுத்துப் பாருங்கள். ஸ்டோரில் மீதி நிற்கும் கிலோ வந்தால் காரணம் தெரிந்துவிட்டது.

எதை எடுப்பது? காப்பர் போல உலகச் சந்தையோடு விலை ஆடும் பொருளுக்கு வாங்கும்போதே எடுப்பதுதான் என் விருப்பம். பர்ச்சேஸ் செய்தவரிடம் அந்த வாரமே பேசலாம். ஆண்டு முடிவில் மட்டும் மீதிச் சரக்கை உண்மை விலைக்கு மாற்றிக்கொண்டால் போதும். ஸ்டாண்டர்டு விலையில் சரக்கை மதிப்பிட தரநிலை அனுமதிக்கிறது, ஆனால் அது உண்மை விலைக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

நெருக்கமாக இருப்பது என்றதும் அடுத்த விஷயம். வயர் விலை 940 ஆனதில் பர்ச்சேஸ் செய்தவரின் தவறு எவ்வளவு? சந்தை விலையே அந்த மாதம் 930-க்கு ஏறியிருந்தால், 40 ரூபாயில் 30 சந்தையால் வந்தது. 90,000-இல் 67,500 யாருடைய தவறும் அல்ல, பட்ஜெட் போட்டபோது இருந்த விலை பழசாகிவிட்டது. மீதி 22,500-தான் அவர் பதில் சொல்ல வேண்டியது. அதையும் அவர் சொல்லிவிட்டார்: ஓவர்டைம் போட்டு உற்பத்தியைக் கூட்டியதால், வழக்கமான சப்ளையரிடம் ஸ்டாக் தீர்ந்து, வேறு இடத்தில் அவசரத்துக்கு வாங்கினார். ஆக அந்த 22,500-ம் உற்பத்தித் திட்டத்தின் செலவுதான். மாறுபாடுகள் ஒன்றோடொன்று இப்படிக் கோத்துக்கொண்டுதான் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆளைக் கேட்பதற்கு முன் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழாக, என்ன நடந்திருக்கும் என்று யோசித்தபடி படித்துவிட வேண்டும்.

உபயோக வரியில் வேறொரு கண்ணி இருக்கிறது. மற்றொரு மாதம் வயர் உபயோகம் வழக்கத்துக்கு மாறாக எகிறியிருந்தது. சூப்பர்வைசர் "ஒரு கிலோகூட வீணாகலை" என்று அடித்துச் சொன்னார். வைண்டிங் செக்ஷனில் போய் நின்று பார்த்தேன். வயர் ஸ்பூலோடு தராசில் ஏறுகிறது, ஸ்லிப்பில் அந்த எடையே எழுதப்படுகிறது. புதிதாக வந்த ஸ்டோர்ஸ் பையனுக்கு ஸ்பூல் எடையைக் கழிக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சப்ளையர் பில் ஸ்பூல் நீக்கிய எடைக்கு, நம் இஷ்யூ ஸ்லிப் ஸ்பூல் சேர்த்த எடைக்கு. காலி ஸ்பூல் முக்கால் கிலோ, அந்த மாதம் அந்தப் பையன் எடை போட்டுக் கொடுத்தது 24 ஸ்பூல். 18 கிலோ, கிலோ 900 வீதம் 16,200 ரூபாய், காகிதத்தில் மட்டும் வீணான வயர். ஸ்டோரை எடை போட்டபோது சரியாக 18 கிலோ புத்தகத்தைவிடக் கூடுதலாக இருந்தது. உபயோகப் பாதகமும் ஸ்டாக் உபரியும் ஒரே மாதத்தில் வந்தால் ஆளைக் குறை சொல்வதற்கு முன் தராசைப் பாருங்கள்.

வீணான வயர் ஸ்கிராப்பாக விற்கப்படுவதும் இப்படித்தான். விற்ற பணம் "இதர வருமானம்" லெட்ஜருக்குப் போய்விட்டால், வீணானது முழுத் தொகையும் உபயோக வரியில் தெரியும், திரும்பக் கிடைத்தது அங்கே தெரியாது. ஸ்கிராப் வரவை உபயோக வரிக்கு எதிராகவே வைத்துவிடுவது நல்லது.

## எந்த ஆலைக்கு எது

சீசனுக்கு ஏற்பச் சரக்கு சேர்த்துவைக்கும் ஆலை என்றால் தயங்காமல் மூன்றாவது வழி, அடியில் அந்த ஒரு வரியோடு. பம்பு, ஃபேன், குடை, பட்டாசு என்று இந்த வகையில் வரும் தொழில்கள் நம் ஊரில் நிறைய. கையிருப்பு ஏறி இறங்காத, ஆர்டருக்குச் செய்யும் ஆலை என்றால் இரண்டாவது வழியே போதும். அங்கே இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே லாபத்தைக் காட்டும், ஆடிட்டருக்கென்று தனியாக மாற்ற வேண்டியதும் இல்லை. ஸ்டாண்டர்டு இன்னும் நிலைபெறாத ஆலையும், ஜாப் ஒர்க் பட்டறையும் முதல் வழியில் தொடரலாம். ஆனால் மிகப் பெரிய ஒரு பொருளுக்கு மட்டும், நம் கதையில் காப்பர், விலையையும் அளவையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்துவிடுங்கள். அந்த ஒரு வரியிலேயே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

எதை எடுத்தாலும் ஆண்டு நடுவில் மாற்றாதீர்கள். ஜனவரியை ஒரு முறையிலும் பிப்ரவரியை இன்னொரு முறையிலும் போட்டால், மாறியது தொழிலா முறையா என்று யாராலும் சொல்ல முடியாது. மாதப் பட்டியலோடு ஏப்ரலிலிருந்து அன்றுவரை கூட்டிய கட்டம் ஒன்றும் பக்கத்தில் இருக்கட்டும். ஒரு மாதம் பாதகமாகி அடுத்த மாதம் அதே அளவு சாதகமாகும் வரி பெரும்பாலும் தேதி விஷயம். மாதா மாதம் ஒரே பக்கம் சாய்கிற வரிதான் கவனிக்க வேண்டியது.

## பட்ஜெட்டையே மாதவாரியாகப் பிரித்திருந்தால்

முறையைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே நான் செய்திருக்க வேண்டிய ஒரு வேலை இருந்தது. ஆண்டு பட்ஜெட்டைப் பன்னிரண்டால் வகுத்து மாதம் 1,000 என்று போட்டேன். ஆனால் ஜனவரியில் 900-தான் போகும், சீசன் பிப்ரவரியில்தான் சூடு பிடிக்கும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரிந்ததே. ஜனவரிக்கு 900 விற்பனை என்று பட்ஜெட் போட்டிருந்தால் பங்களிப்பு முறையில் பட்ஜெட் லாபம் 6,20,000. உண்மை 4,50,250. விற்பனை அளவு வரி சுழியம். மீதி நிற்கும் 1,69,750 பாதகத்தில் காப்பர் விலை 90,000, காப்பர் உபயோகம் 45,000, கூலி இரண்டும் சேர்ந்து 39,750, மேற்செலவு இரண்டும் சேர்ந்து 40,000. இவை கூடி 2,14,750. அதிலிருந்து விற்பனை விலையில் கிடைத்த 45,000-ஐக் கழித்தால் அந்த 1,69,750 வந்துவிடும்.

முதலாளி கேட்ட கேள்விக்கு அன்றைக்கே இந்தப் பதிலைக் கொடுத்திருக்கலாம். சேல்ஸ் பார்ப்பவரை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விற்பனை ஏன் குறைந்தது என்று பேசியிருக்க வேண்டியதில்லை. பேச வேண்டியிருந்தது காப்பரைப் பற்றி.